சுமாரான மாடல்களின் சராசரி

ஒவ்வொரு ஏப்ரல் நடுவிலும் தில்லி லோதி ரோட்டில் இருக்கும் மௌசம் பவனிலிருந்து ஒரு எண் வெளிவரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யப்போகும் மழை, நீண்டகாலச் சராசரியான 87 செ.மீ.யில் எத்தனை சதவீதமாக இருக்கும் என்று வானிலைத் துறை சொல்லும் எண் அது. மே கடைசியில் அதையே ஒருமுறை திருத்திச் சொல்வார்கள். தில்லித் தமிழர்களில் டெல்டாப் பக்கம் நிலபுலம் உள்ளவர்களுக்கு இந்த எண்ணில் தனி அக்கறை உண்டு. குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தானே மேட்டூருக்குத் தண்ணீர்.

ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், மத்திய அரசுக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வருடம் என்னிடம் கேட்டார்: "பல நாட்டு மாடல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துச் சொல்றாங்களாமே? அதுல எது நல்ல மாடல்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சா அதையே சொல்லிட்டுப் போகலாமே. நல்ல பால்ல தண்ணி கலக்குற மாதிரி இல்ல இருக்கு?"

கணக்குத் துறைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பாலுக்குப் பொருந்துவது பிழைக்குப் பொருந்தாது. பாலில் எதைக் கலந்தாலும் தரம் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும், நல்லதைவிட நல்லதாக ஆகாது. பிழைக்கோ கூட்டல் குறியும் உண்டு, கழித்தல் குறியும் உண்டு. ஒரு மாடல் 5 கூட்டிச் சொல்லி, இன்னொன்று 5 குறைத்துச் சொன்னால், இரண்டின் சராசரியில் பிழையே இருக்காது. அந்த இரண்டைவிடவும் சராசரி நல்லதாகிவிடுகிறது. எல்லா வருடமும் இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அடிக்கடி நடந்தாலே போதும்.

எவ்வளவு அடிக்கடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, எந்த உண்மையான மாடலுடையதும் அல்ல.

அ என்ற மாடலின் வழக்கமான பிழை 4 சதவீதப் புள்ளி, ஆ என்ற மாடலின் பிழை 5. வழக்கமான பிழை என்றால், ஒவ்வொரு வருடப் பிழையையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டது. அ தெளிவாகவே சிறந்தது. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் என்ன ஆகும்? பதில் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து வராது. மூன்றாவதாக ஒன்று வேண்டும்: இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்தே தவறுகின்றன என்பது. இதை ஒட்டுறவு என்று புள்ளியியலில் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் தவறினால் 0, அச்சு அசலாகச் சேர்ந்தே தவறினால் 1. நடைமுறையில் எல்லா மாடல்களும் ஒரே கடலையும் ஒரே காற்றையும்தான் பார்க்கின்றன. அதனால் கொஞ்சம் சேர்ந்துதான் தவறும். 0.5 என்று வைத்துக்கொள்வோம்.

```
(16 + 25 + 2 × 0.5 × 4 × 5) / 4 = 15.25
```

இதன் வர்க்கமூலம் சுமார் 3.9. சிறந்த மாடலின் 4-ஐவிட இது ஒரு மயிரிழை குறைவு. மோசமான மாடலுக்குப் பாதிப் பங்கு கொடுத்தும் நிலைமை கெடவில்லை, கொஞ்சம் தேறியிருக்கிறது. ஒட்டுறவு 0.2 ஆக இருந்திருந்தால் சராசரியின் பிழை 3.5-க்கு இறங்கியிருக்கும். 0.8 ஆக இருந்தால் 4.3-க்கு ஏறிவிடும், பெரியவர் சொன்னதுபோல நல்லதைக் கெடுத்த கதைதான். இந்த எண்களுக்கு எல்லைக்கோடு 0.575. அதற்குக் கீழே சராசரி ஜெயிக்கும், மேலே அ தனியாக ஜெயிக்கும்.

ஆக, புதிதாக ஒரு மாடலைச் சேர்க்கலாமா என்று பார்க்கும்போது அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பது இரண்டாவது கேள்வி. ஏற்கெனவே கையில் இருப்பவை தவறாத இடத்தில் அது தவறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வானிலைத் துறையின் கதையே இதற்கு நல்ல பாடம். 1988-இல் துறை ஒரு மாடலைக் கொண்டுவந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து கடல் வெப்பம், காற்றழுத்தம், பனிப்பரப்பு போன்ற 16 குறிகளை எடுத்து, அவற்றுக்கும் பருவமழைக்கும் உள்ள பழைய தொடர்பை வைத்து ஒரே சமன்பாட்டில் கணிப்பது. அதற்குப் பிறகு 2001 வரை நாட்டில் பெரிய வறட்சி எதுவும் வரவில்லை. 'மழை இயல்பாக இருக்கும்' என்று மாடல் சொன்னது, மழையும் ஏறத்தாழ இயல்பாகவே பெய்தது. மாடலுக்கு நல்ல பெயர். 2002-இல் 101 சதவீதம் என்று கணித்தார்கள். ஜூலை மழையில் ஏறத்தாழ பாதி வராமல் போய், பருவம் 81 சதவீதத்தில் முடிந்தது.

நல்ல மாடல் என்று பெயர் வாங்குவதற்கும் நல்ல மாடலாக இருப்பதற்கும் உள்ள இடைவெளி இதில் தெரிகிறது. அந்த வருடங்களில் யாராவது வெறுமனே 100 என்று எழுதி ஒட்டியிருந்தாலும் பெரிதாகத் தவறியிருக்கமாட்டார்கள். கஷ்டமான வருடம் வராதவரை மாடலுக்குச் சோதனையே நடக்கவில்லை. அதோடு ஒரு குறிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பு நிரந்தரமானதும் அல்ல. சில பத்தாண்டுகளில் அது நீர்த்துப்போவதுண்டு.

சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலை அ, ஆ கணக்கிலும் பார்க்கலாம். அ உண்மையிலேயே சிறந்தது என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் எண்களைக் கொடுத்தவர்களே நாம்தான். களத்தில் இருப்பவர் கையில் இருப்பது பழைய வருடங்களின் பிழைப் பட்டியல் மட்டுமே. பத்து வருடப் பட்டியலை வைத்து அவர் தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை ஆ-தான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடுவார். இது இரண்டே மாடல் இருக்கும்போது. பத்து மாடல் இருந்தால் முதலிடத்தில் நிற்பது திறமையால் நிற்கிறதா, அந்தப் பத்து வருட அதிர்ஷ்டத்தால் நிற்கிறதா என்று பிரித்துச் சொல்வது இன்னும் கடினம். அதனால் 'சிறந்த ஒற்றை மாடல்' என்று நாம் பேசும் பொருள் முன்கூட்டியே கையில் கிடைப்பதில்லை. பருவம் முடிந்த பிறகுதான் அதன் பெயர் தெரியும். சராசரி போட்டியிடுவது அந்த மாடலோடு அல்ல, சிறந்தது என்று நாம் நினைத்துக்கொண்ட மாடலோடு.

சரி, 2002-க்குப் பிறகு துறை என்ன செய்தது? இரண்டு மூன்று மாற்றங்களுக்குப் பின் 2007-இல் ஒரு கூட்டு முறைக்கு வந்தார்கள். குறிகளை ஐந்து, ஆறு என்று குறைத்துக்கொண்டார்கள். ஐந்து குறிகளை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக என எல்லா வகையிலும் சேர்த்தால் 31 சமன்பாடுகள் வரும். ஆறு குறி என்றால் 63. அவற்றில் தேர்வில் தேறிய சிலவற்றின் கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி. ஒற்றைச் சமன்பாட்டை நம்பியதைவிட இது நிச்சயம் முன்னேற்றம்தான்.

ஆனாலும் 2009-இல் ஏப்ரலில் 96, ஜூனில் 93 என்று கணித்த வருடம் 78-இல் முடிந்தது. 31 மாடல் என்றால் கேட்கப் பெரிய கூட்டமாகத் தெரியும். எல்லாமே ஒரே ஐந்து குறிகளின் பிள்ளைகள். அந்த ஐந்து குறிகளும் ஒரு வருடம் தவறான செய்தி சொன்னால், முப்பத்தொன்றும் ஒரே பக்கம் சாயும். ஒட்டுறவு 0.8, 0.9 என்று இருக்கும் கூட்டத்தில் எத்தனை உறுப்பினரைச் சேர்த்தாலும் பலன் மிகச் சொற்பம். ஒரே அளவு பிழையுள்ள மாடல்களின் ஒட்டுறவு 0.8 என்றால், எண்ணற்ற மாடல்களைச் சேர்த்தாலும் பிழை பத்தில் ஒரு பங்குதான் குறையும். 0.2 என்றால் நாலு மாடலிலேயே பிழை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இதைச் சொல்லும்போது 2015-ஐயும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் இதே முறை ஜூனில் 88 என்றது, மழை 86. குறிகள் சரியாக இருந்த வருடத்தில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தே சரியாகவும் இருப்பார்கள்.

2021-இல் இருந்து துறை உலகின் பல கணிப்பு மையங்களில் ஓடும் மாடல்களைச் சேர்த்துக் கணிக்கிறது. இவை பழைய தொடர்புகளை வைத்து எழுதிய சமன்பாடுகள் அல்ல. கடலும் காற்றும் எப்படி நகரும் என்பதை இயற்பியல் விதிகளின்படி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவை. வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் வெவ்வேறு விதமாக எழுதியவை என்பதால் தவறுவதும் வெவ்வேறு விதமாக இருக்கும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியாவின் பருவமழை மாடல், அமெரிக்காவின் சி.எஃப்.எஸ். மாடலை அடிப்படையாக வைத்து வளர்த்தது. அந்த இரண்டையும் ஒரே பட்டியலில் தனித்தனி உறுப்பினராக எண்ணினால், ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஓட்டு கொடுத்ததாகிவிடும். இப்படிப்பட்ட பட்டியல் யாரிடம் இருந்தாலும் முதலில் குடும்பத்துக்குள் சராசரி எடுத்துவிட்டு, பிறகு குடும்பங்களுக்கு இடையே சராசரி எடுப்பது நல்லது.

இனி கணிப்புக் கலையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடும் வேடிக்கையான விவகாரத்துக்கு வருவோம். சராசரிதான் நல்லது என்றால், எல்லாருக்கும் ஒரே பங்கு எதற்கு? நல்ல மாடலுக்கு அதிகமும் சுமாரானதற்குக் குறைவுமாகக் கொடுக்கலாமே?

1969-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ஸும் கிரேஞ்சரும் இதைத்தான் முன்வைத்தார்கள். விமானப் பயணிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் மாடல்களை எடுத்துக்கொண்டு, பங்கை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கில் குறையில்லை. (கிரேஞ்சருக்கு 2003-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, அது வேறு வேலைக்காக.) ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒன்று தெரிந்தது: கவனமாகக் கணக்கிட்ட பங்குகள், கண்ணை மூடிக்கொண்டு சரிசமமாகப் பிரித்த பங்கிடம் தோற்றன. 2004-இல் ஏழு நாடுகளின் உற்பத்தி வளர்ச்சியைக் கணித்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் ஸ்டாக், வாட்சன் இருவரும் இதைப் புதிர் என்றே அழைத்தார்கள்.

புதிர் எங்கே அவிழ்கிறது என்று நம்முடைய அ, ஆ கணக்கிலேயே பார்க்கலாம். ஒட்டுறவு 0.5 என்றால், மிகச் சரியான பங்கு அ-வுக்கு 71 சதவீதம், ஆ-வுக்கு 29 சதவீதம். அப்படிக் கலந்தால் பிழையின் வர்க்கம் 14.29. பாதிக்குப் பாதி கலந்தபோது 15.25. சரிசமப் பங்கினால் நமக்கு ஆகும் நஷ்டம் 0.96. பிழையாகச் சொன்னால் 3.9-க்குப் பதில் 3.8. கடவுளே வந்து பங்கைச் சொன்னாலும் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

கடவுள் வரமாட்டார் என்பதால் பங்கைப் பழைய பிழைகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்த பங்கு 71-ஆக அமையாது. ஒரு பட்டியலில் 90 வரும், இன்னொன்றில் 45 வரும், சில சமயம் 110 வந்து ஆ-வுக்கு மைனஸ் பங்குகூட விழும். இந்தத் தடுமாற்றத்துக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. இரண்டு மாடலுக்கு அது ஏறத்தாழ 14.29-ஐ வருடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. பத்து வருடம் என்றால் 1.43, சரிசமப் பங்கின் 0.96-ஐவிட அதிகம். பதினைந்து வருடத்தில் இரண்டும் சமம். முப்பது வருடப் பதிவு இருந்தால் 0.48, அப்போது கணக்கிட்ட பங்கு ஜெயிக்கிறது. எவ்வளவு வித்தியாசத்தில்? பிழையில் 0.06 புள்ளி. மழையின் அளவில் அது அரை மில்லிமீட்டர். யாருக்கும் உறைக்காது.

மாடல்கள் எட்டு என்றால் கண்டுபிடிக்க வேண்டிய பங்குகள் ஏழு. தடுமாற்றத்தின் நஷ்டமும் ஏறத்தாழ ஏழு மடங்கு. பருவமழைக்கு வருடத்துக்கு ஒரே ஒரு விடைதான் கிடைக்கிறது. மாடல்களைப் பழைய வருடங்களுக்குப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாலும் கிடைப்பது சில பத்து வருடங்கள்தான். எட்டு மாடலுக்குப் பங்கு பிரிக்க இது போதவே போதாது. இதற்கு மேல், இருபது வருடத்துக்கு முன் இருந்த ஒட்டுறவு இன்றும் அப்படியே இருக்கிறது என்று வேறு நம்பவேண்டியிருக்கிறது. பேட்ஸும் கிரேஞ்சரும்கூட ஒட்டுறவைக் கணக்கில் எடுக்காமல், அவரவர் பிழைக்கு ஏற்ப மட்டும் பங்கு பிரித்த எளிய முறைகளே நன்றாக வேலை செய்ததைக் கண்டார்கள். கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் குறையக் குறையத் தடுமாற்றமும் குறைகிறது. சரிசமப் பங்கில் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை.

அப்படியானால் பங்கு பிரிப்பதே வீண் வேலையா என்றால் இல்லை. சென்னையில் பிறந்து, தில்லி பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானிலை அறிஞர் டி.என். கிருஷ்ணமூர்த்தி 1999-இல் 'சூப்பர் என்செம்பிள்' என்ற முறையை வெளியிட்டார். பல மாடல்களின் பழைய கணிப்புகளை உண்மையான வானிலையோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இடத்துக்கு இடம், மாடலுக்கு மாடல் வேறு வேறு பங்கு கொடுப்பது அது. அன்றாட வானிலையிலும் புயலின் பாதையிலும் அவருடைய முறை சாதாரணச் சராசரியைவிட நன்றாக வேலை செய்தது. காரணம் புரிந்துகொள்ள முடிவதுதான்: அங்கே தினமும் ஒரு விடை கிடைக்கிறது, ஒவ்வோர் இடத்துக்கும் தனியாகக் கிடைக்கிறது. அதோடு அந்த முறை ஒவ்வொரு மாடலின் நிரந்தரச் சாய்வையும் முதலில் கழித்துவிடுகிறது. ஒரு மாடல் எப்போதுமே 6 புள்ளி கூட்டித்தான் சொல்லும் என்று தெரிந்தால், அதைச் சராசரியில் போட்டுக் கரைக்கப் பார்ப்பது முட்டாள்தனம். முதலில் 6-ஐக் கழித்துவிட வேண்டும். சராசரி குணப்படுத்துவது அங்குமிங்கும் ஆடும் பிழையை மட்டுமே. எல்லா மாடலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சராசரியும் அதே பக்கம் சாய்ந்து நிற்கும், பார்ப்பதற்கு மட்டும் நம்பிக்கையாக இருக்கும்.

பருவமழைக்கு வெளியிலும் இதே நிலைதான். 2018-இல் கணிப்பு ஆய்வாளர் மக்ரிடாகிஸ் நடத்திய எம்4 என்ற கணிப்புப் போட்டியில் ஒரு லட்சம் எண்தொடர்களைக் கொடுத்துக் கணிக்கச் சொன்னார்கள். மிகத் துல்லியமாக வந்த 17 முறைகளில் 12, பல முறைகளைச் சேர்த்துச் செய்த கூட்டுகள்.

வேலையில் இதைச் செய்துபார்க்க நினைப்பவருக்கு என் பரிந்துரை கொஞ்சம் சோம்பேறித்தனமானது. ஒவ்வொரு மாடலின் சாய்வையும் கழியுங்கள். மாடல்களின் பிழைகளை ஜோடி ஜோடியாக வைத்து ஒட்டுறவைப் பாருங்கள், 0.9-க்கு மேல் ஒட்டிக்கிடப்பவற்றை ஒரே மாடலாக எண்ணுங்கள். மிச்சத்தைச் சரிசமமாகச் சராசரி எடுங்கள். அப்புறமும் பங்கு பிரிக்கத் தோன்றினால், கணக்கில் வந்த பங்குக்கும் சமப் பங்குக்கும் நடுவில் நில்லுங்கள், பாதி தூரம் போனால் போதும். மாடலைப் பொருத்திப் பார்த்த அதே வருடங்களில் மட்டும் எதையும் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு வருடத்தையும் அதற்கு முந்தைய வருடங்களை மட்டும் வைத்துக் கணித்துப் பாருங்கள். உங்கள் பங்கு முறை அதில் சமச் சராசரியை ஜெயிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம்.

சராசரிக்கு ஒரு குணக்கேடும் உண்டு. ஒவ்வொரு மாடலின் துணிச்சலையும் அது மழுங்கடிக்கும். எட்டு மாடலில் ஒன்று 80 என்று சொன்னாலும் மற்றவை 95-ஐ ஒட்டி இருந்தால் சராசரி 93 ஆகிவிடும். மழை 80-இல் முடியும் வருடத்தில் அந்த ஒற்றை மாடலைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எந்த வருடத்தில் அதைக் கேட்பது என்பதுதான் யாருக்கும் தெரியாது. இதைவிடத் தொல்லையானது, மாடல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது. பாதி 92 என்றும் பாதி 108 என்றும் சொன்னால் சராசரி 100. ஒரு மாடல்கூடச் சொல்லாத எண் அது.

அதனால்தான் வானிலைத் துறையின் அறிக்கையில் தலைப்புச் செய்தியாகும் எண்ணைவிட, அதன் கீழே வரும் அட்டவணையைப் பார்ப்பது பயன் தரும். 90-க்குக் கீழே என்பதில் தொடங்கி 110-க்கு மேலே என்பது வரை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வாய்ப்பு என்று அதில் போட்டிருப்பார்கள். 2024 ஏப்ரலில் செய்தித்தாள்களில் வந்தது 106 என்ற எண். அட்டவணையில் 104-க்கு மேல் பெய்ய 61 சதவீத வாய்ப்பு என்று இருந்தது. மழை 108-இல் முடிந்தது. பெரியவரிடம் அந்த அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து வாய்ப்புகளையும் கூட்டிப் பார்த்து நூறு வருகிறதா என்று சரிபார்த்தார். பிறகு, "இதுல குடகு எங்க இருக்கு?" என்று கேட்டார். அது இந்த அட்டவணையில் இல்லை. நாடு முழுவதற்குமான எண்ணில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மாவட்டத்தைத் தேட முடியாது. அதற்கென்று தனியாகக் கணித்தால் பிழை இன்னும் பெரிதாக இருக்கும்.